மண் மூடிய பிறகு கேட்கப்படும் படங்கள்: பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், எங்கள் வட்டாரத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நாங்களே கட்டிய வீட்டுக்கு அமைவுச் சான்றிதழ் கேட்டு 2024 ஒக்டோபரில் விண்ணப்பித்தவள் நான். உங்கள் கருமபீடத்தில் இதை சீ.ஓ.சீ என்று சொல்வார்கள், ஊரில் குடிபுகு சான்றிதழ் என்பார்கள். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாததற்கு யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் வீட்டு வரைபடங்களையும் படங்களையும் விளக்கி, அவற்றைப் பார்த்து ஒரு முடிவு தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். இதே வழியில் பின்னால் வருகிறவர்கள் வலிகாமத்தில் நிறையப் பேர் இருப்பதால் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் வளவு இரண்டரைப் பரப்பு. ஒழுங்கைப் பக்கம் 58 அடி, உள்ளே 117 அடி. ஒழுங்கை வடக்கே இருக்கிறது. வீடு ஒரு மாடி, 32 அடிக்கு 33 அடி. என் கணவர் மேசன். அத்திவாரம் வெட்டியதிலிருந்து கூரைக்குத் தகடு போட்டது வரை அவரும் அவருடைய தம்பியும்தான் செய்தார்கள். சனி ஞாயிறுகளில் நானும் மகனும் கல் தூக்கினோம், மண் அள்ளினோம், சுவருக்குத் தண்ணீர் விட்டோம். கணக்கெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. கடைச் சிட்டைகளை ஒட்டி, பக்கத்தில் அன்று செய்த வேலையை எழுதிவைப்பேன். அந்தக் கொப்பிதான் இந்த மடலுக்கும் ஆதாரம்.

கட்டட அனுமதி 2019 ஒக்டோபரில் கிடைத்தது. அனுமதிக் கடிதத்தில் ஒரு வருடம் என்று இருந்தது. 2020 தொடக்கத்தில் அத்திவாரம் போட்டோம், உடனே கொரோனா வந்து ஊர் மூடப்பட்டது. 2021இல் சுவர் எழும்பியது. 2022இல் ஒரு மூட்டை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது வேலையை நிறுத்தினோம். நாங்கள் தொடங்கியபோது அது ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கக் கட்டணம் கட்டி, 2023 நடுப்பகுதியில் மீண்டும் தொடங்கினோம். 2024 சித்திரையில் குடிபுகுந்தோம்.

இதில் ஒன்றை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டடம் சட்டத்துக்கு அமைவாக இருக்கிறது என்ற சான்றிதழ் கிடைக்கும்வரை காவலுக்கு இருப்பவரைத் தவிர வேறு யாரும் அதில் குடியிருக்கக் கூடாது. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டார், பூச்சு காய்ந்ததும் வந்துவிட்டோம். சான்றிதழை மறந்துவிட்டு இருந்துவிடலாம் என்று நாங்கள் நினைக்கவில்லை. அதனால்தான் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தோம். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை, சான்றிதழின் பிரதி கொடுத்தால்தான் தருவோம் என்று வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தக் காசு வந்தால்தான் கடைக்காரரின் கடன் முடியும்.

டிசம்பரில் முதல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். நாடா பிடித்து அளந்தார். அனுமதித்த வரைபடத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு இடத்தில் வித்தியாசம் இருப்பதைக் கண்டார். கட்டியபடியான வரைபடம் ஒன்றும், வீட்டின் நான்கு பக்கப் படங்களும் தாருங்கள் என்றார். அது நியாயமான கேள்வி. கொடுத்தோம். 2025 மார்ச்சில் வேறொரு உத்தியோகத்தர் வந்தார். மலசலகூடத் தொட்டியும் உறிஞ்சு குழியும் மூடப்படுமுன் எடுத்த படம் வேண்டும், இல்லையென்றால் மூடியை உடைத்துக் காட்டுங்கள் என்றார். அதுவும் காரணமில்லாத கேள்வி என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுமதி தந்த நாளில் யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்திலும் இல்லை, விண்ணப்பப் படிவத்திலும் இல்லை. மண்ணுக்குள் போன வேலையின் படத்தை, மண் மூடி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கே போய் எடுப்பது?

எங்களுக்கு அதிர்ஷ்டம், அந்தப் படங்கள் இருந்தன. அவை எப்படி வந்தன என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்குமுன் அந்த இரண்டு வித்தியாசங்களையும் விளக்குகிறேன். ஏன் மாற்றினோம் என்று வரைபடத்தில் எழுத இடமில்லை.

சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்க அறை 11 அடிக்கு 10 அடி. அனுமதித்த வரைபடத்தில் அதற்குத் தெற்குச் சுவரில் 4 அடிக்கு 4 அடியில் ஒரு யன்னல். புது யன்னல் செய்விக்கக் காசில்லாததால், என் அம்மம்மாவின் பழைய வீட்டிலிருந்த இரண்டு வேப்பமர யன்னல்களைக் கழற்றிக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றும் 3 அடிக்கு மூன்றரை அடி. ஒன்றைத் தெற்கிலும் ஒன்றைக் கிழக்கிலும் வைத்தோம். அறையின் தளப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது யன்னல் வேண்டும் என்று உத்தியோகத்தர் கணக்குச் சொன்னார். 110 சதுர அடிக்கு 16 சதுர அடி போதும், எங்களிடம் 21 இருக்கிறது, இரண்டும் முழுதாகத் திறக்கும். கிழக்கு வேலிக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் 12 அடி இருக்கிறது. ஆகவே இதில் பாதகம் எதுவும் இல்லை என்று நம்புகிறேன். கட்டியபடியான வரைபடத்தில் இரண்டு யன்னல்களும் தளப்படத்திலும் கிழக்கு முகப்பிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

பெரிய விஷயம் மலசலகூடத் தொட்டி. அனுமதித்த வரைபடத்தில் தொட்டியும் உறிஞ்சு குழியும் தென்மேற்கு மூலையில் இருந்தன, குளியலறைக்கு நேர் பின்னால். படவரைஞர் எங்கள் உறுதியோடு இருந்த நில அளவைப் படத்தை வைத்து, தன் அறையில் இருந்தபடியே வரைந்தார். வளவுக்கு வரவில்லை. நில அளவைப் படத்தில் எங்கள் எல்லை மட்டும்தான் இருக்கும். எங்கள் கிணறு முன்பக்கம், ஒழுங்கையிலிருந்து 25 அடி உள்ளே. அதற்கும் குழிக்கும் வேண்டிய தூரம் இருந்தது, அனுமதி கிடைத்தது. மேற்கு வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு இருப்பது அந்தத் தாளில் இல்லை.

2023 ஓகஸ்டில் குழிக்கு இடம் குறித்துக் கயிறு கட்டியபோது, பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இது என்ரை கிணத்துக்குக் கிட்ட அல்லோ?" என்றார்.

கணவர் வேலியில் ஒரு கிடுகை விலக்கி நாடாவை அந்தப் பக்கம் கொடுத்தார். ஆச்சியின் பேரன் அதைக் கிணற்றுக் கட்டில் பிடித்தான். 31 அடி. கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்று முன்பு சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருந்தது என் கணவருக்கு நினைவிருந்தது. அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.

இந்த மண்ணில் அது வெறும் எண் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் ஏராளம். மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல மெல்ல வடிந்து போகும்போது ஓரளவு சுத்தமாகும். வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லில் அப்படி இல்லை, ஒரு வெடிப்பு கிடைத்தால் அது குழாய் மாதிரி ஓடிவிடும். நாங்கள் குடிப்பதும் அதே கல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத்தான். ஆச்சியின் கிணற்றில் இருந்துதான் அந்த ஒழுங்கையில் நான்கு வீடுகள் குடிக்கத் தண்ணீர் அள்ளுகின்றன.

தென்கிழக்கு மூலைக்கு மாற்றினோம். அங்கிருந்து ஆச்சியின் கிணற்றுக்கு 68 அடி, எங்கள் கிணற்றுக்கு 80 அடி. கிழக்கே இருப்பது வெறும் பனை வளவு. அங்கே கிணறு இல்லை. இடம் மாறியதால் ஒரு சிக்கல் வந்தது. குளியலறை மேற்கில், தொட்டி கிழக்கில். வீட்டின் பின்சுவரோடு 32 அடிக்கு நாலங்குலப் பைப் போட வேண்டியிருந்தது. 40 அடிக்கு ஓர் அடி சரிவு என்ற கணக்கில், தொட்டிக்குள் பைப் நுழையும் இடம் ஏறத்தாழ 10 அங்குலம் கீழே போனது. தொட்டியையும் அவ்வளவு ஆழப்படுத்த வேண்டும். அந்த ஆழத்தில் கல் வந்தது. இரண்டு பேர் நான்கு நாள் அலவாங்கால் உடைத்தார்கள். பைப் திரும்பும் இடத்தில் ஒரு பார்வைக் குழி கட்டி மூடி வைத்திருக்கிறோம். அடைப்பு வந்தால் அங்கே திறக்கலாம். நீங்கள் வரும்போது அதைத் திறந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், சரிவு சரியா என்று உடனே தெரியும்.

தொட்டியின் அடித்தளம் கொங்கிறீற். சுவர்கள் சீமெந்துக் கல், உள்ளே பூச்சு. எங்கள் ஊரில் அடித்தளம் போடாமல் வெறும் குழியாக விட்டுவிடுகிற வீடுகள் பல. அப்படி விட்டால் தூரக் கணக்கு எல்லாம் வீண், தொட்டியே உறிஞ்சு குழியாகிவிடும். கசிகிறதா என்று பார்க்க, மூடுமுன் தண்ணீர் நிரப்பி, சுவரில் சோக்கால் கோடு போட்டு ஒரு நாள் விட்டோம். முதல் முறை இரண்டு அங்குலம் குறைந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, மூலைகளில் மறுபடி பூசி, சீமெந்துப் பால் தடவி, நான்கு நாள் கழித்து மீண்டும் நிரப்பினோம். இரண்டாம் முறை தண்ணீர் கோட்டிலேயே நின்றது. உறிஞ்சு குழியை 6 அடிக்கு மேல் ஆழமாக்கவில்லை. மார்கழியில் எங்கள் கிணற்றில் தண்ணீர் தரைக்கு 11 அடி கீழே வரை ஏறும். குழியின் அடி அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

இப்போது படங்களுக்கு வருகிறேன்.

என் அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். வீட்டுக்கு அவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு அனுப்பினார். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் மகன் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்புவான். சபைக்காக எடுத்தவை இல்லை அவை. மாமா காசு எங்கே போனது என்று பார்க்கட்டும் என்று எடுத்தவை. 2024இல் மகனின் போன் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது. மூலப் படங்கள் எல்லாம் அதோடு போய்விட்டன. மார்ச்சில் உங்கள் உத்தியோகத்தர் கேட்ட பிறகு அண்ணாவிடம் சொல்லி, அவர் போனில் இருந்தவற்றைத் திருப்பி எடுத்தோம்.

அங்கே ஒரு பிரச்சினை. போன் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும், சில வேளை இடமும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவுகள் போய்விடும், படத்தின் தெளிவும் குறையும். கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே இருக்கும். எங்களுக்கு அப்போது அது தெரியாது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து எந்த நாள் எடுத்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்காக, அண்ணாவோடு பேசிய அந்தப் பக்கங்களை, செய்தி வந்த திகதியும் நேரமும் தெரியும்படி அப்படியே படம்பிடித்து அச்சிட்டு இணைத்திருக்கிறேன். சீ.ஆர். கொப்பியின் அதே நாள் பக்கங்களின் பிரதியும் பக்கத்தில் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 படத்தில் தொட்டிக்குள் கொங்கிறீற் ஈரமாக இருக்கிறது. கொப்பியில் அந்த நாளுக்கு ஒன்பது மூட்டை சீமெந்தும் அரை லோட் சல்லியும் எழுதி, கடைச் சிட்டை ஒட்டப்பட்டிருக்கிறது.

திகதி சரி. இடத்தை எப்படி நிரூபிப்பது? குழிக்குள் எடுத்த படம் எந்த வளவிலும் எடுத்ததாக இருக்கலாம். இதைத்தான் உங்கள் உத்தியோகத்தர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் கோபப்படவில்லை, வீட்டுக்கு வந்து படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பின்னணி விழுந்திருந்தது. குழியின் விளிம்பில் என் கணவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் கிழக்கு வளவில் ஒரு பனை. அது கொஞ்சம் தெற்கே சாய்ந்து, ஆள் உயரத்தில் பழைய வெட்டுத் தழும்போடு இருக்கும். அதற்கு இடப்பக்கம் அடுத்த வளவின் சீற் கூரையின் முனை தெரிகிறது. மகனைப் பழைய படம் எடுத்த இடத்தில் நிற்கவைத்தேன், பனையும் கூரை முனையும் படத்தில் அதே இடைவெளியில் வரும்வரை அவன் முன்னும் பின்னும் நகர்ந்து, மறுபடி ஒரு படம் எடுத்தான். பழைய படத்தில் குழி இருக்கும் இடத்தில் புதுப் படத்தில் கொங்கிறீற் மூடி இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சிட்டிருக்கிறேன். அது இணைப்பு 4. தயவுசெய்து அந்தத் தாளை மட்டுமாவது கையில் எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்து, பனையைப் பார்த்தபடி நின்று பாருங்கள்.

வரைபடத்திலும் அப்படியே செய்திருக்கிறோம். புதிதாக வரைந்த படவரைஞர் இந்த முறை வளவுக்கு வந்தார். வேலியிலிருந்து அளந்தால் வேலி நகரும், கதிகால் பட்டுப்போகும் என்பதால் வீட்டின் பின் மூலைகளிலிருந்து அளந்தார். தென்கிழக்கு மூலையிலிருந்து உறிஞ்சு குழியின் நடுவுக்கு 20 அடி 1 அங்குலம். தென்மேற்கு மூலையிலிருந்து அதே நடுவுக்கு 39 அடி 5 அங்குலம். இரண்டு நாடாவை இரண்டு மூலையில் பிடித்து அந்த அளவுகளில் சந்திக்கவைத்தால், குழி எங்கே என்று மண்ணைத் தோண்டாமலே யாரும் காணலாம். எங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் இருக்கப் போகிறவருக்கும் அது உதவும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் தூரத்தோடு வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். எல்லைக்கு வெளியே இருப்பதை வரைவது வழக்கமில்லை என்று அவர் தயங்கினார், பிறகு வரைந்தார். அந்தக் கிணறு முதல் வரைபடத்தில் இருந்திருந்தால் இந்த மாற்றமே தேவைப்பட்டிராது.

இனி என் வேண்டுகோள்.

முதலாவது, எங்கள் விண்ணப்பத்தைப் பற்றியது. மூடியை உடைக்கச் சொல்லாதீர்கள். அது நான்கு அங்குலக் கொங்கிறீற், கம்பி போட்டது. உடைத்தால் அடியில் பூச்சும் வெடிக்கும், நாங்கள் கவனமாக அடைத்த கசிவு திரும்பவும் வரும். கழிவு அள்ளுவதற்காக விட்ட ஒரு சின்ன வாய் இருக்கிறது, ஒன்றரை அடிச் சதுரம், தூக்கக்கூடிய மூடியோடு. அதைத் திறந்து உள் ஆழத்தையும், சுவர்ப் பூச்சையும், தொட்டியின் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரையும் பார்க்கலாம். அதோடு இணைப்புகளையும் வைத்துப் பார்த்து, போதும் என்றால் சான்றிதழைத் தாருங்கள். போதாது என்றால் எது போதாது என்று எழுத்தில் தாருங்கள். வாயால் சொன்னது அடுத்த உத்தியோகத்தர் வரும்போது மாறிவிடுகிறது. மாற்றங்களுக்குத் திருத்திய வரைபட அனுமதியோ மேலதிகக் கட்டணமோ தேவை என்றால் அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். கட்டத் தயாராக இருக்கிறோம்.

இரண்டாவது, எங்களுக்கு இனிப் பயன்படாது, இனிக் கட்டுகிறவர்களுக்குப் பயன்படும். கட்டட அனுமதிக் கடிதத்தோடு ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த எந்த வேலையை மூடுமுன் படம் எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். எங்கள் அனுபவத்தில் அவை அதிகமில்லை. அத்திவாரம் வெட்டிய குழியும் அதன் ஆழமும், அத்திவாரத்துக்கு மேலே கம்பி கட்டியது கொங்கிறீற் போடுமுன், மலசலகூடத் தொட்டியின் அடித்தளம், நிரப்பிய தண்ணீரும் சோக்குக் கோடும், மூடுமுன் உறிஞ்சு குழி, மண் போடுமுன் பைப் போகும் பாதை. ஒவ்வொன்றிலும் நாடா விரித்து எண் தெரியவேண்டும், இடம் பெயராத ஒரு பொருள் பின்னணியில் விழவேண்டும். மூலப் படத்தை அழிக்காமல், யாருக்காவது அனுப்புவதென்றால் கோப்பாக அனுப்பி வைக்கவேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அதே தாளில், குழிக்குக் குறித்த இடத்திலிருந்து நான்கு பக்கத்துக் கிணறுகளுக்கும் அளந்து எழுதித் தரும்படி ஒரு கட்டம் வையுங்கள், வேலிக்கு வெளியே உள்ளவையும் சேர்த்து. படவரைஞர் வளவுக்கு வராமல் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. இதை இன்னும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வேலியில் ஆச்சி எட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஆள் இல்லாத வளவுகளில், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில், யார் எட்டிப் பார்ப்பது? அந்தக் கிணறுகளுக்கு உரிமையாளர்கள் திரும்பி வரும்போது குழி மூடப்பட்டு வருடங்கள் போயிருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், எந்த ஆவணங்கள் தேவை என்ற பட்டியலைப் பெறலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிக் கேட்கும் உரிமை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிமக்களுக்கு இருக்கிறது. நான் கேட்கவில்லை. கருமபீடத்தில் வைக்க வேண்டிய ஒரு தாளுக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேல் சபை இல்லாமல் செயலாளரும் உத்தியோகத்தர்களும் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தீர்கள் என்பதும் தெரியும். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபை மீண்டும் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்தத் தாளை ஒரு விடயமாக எடுத்துப் பேசும்படி எங்கள் வட்டார உறுப்பினரிடமும் இந்த மடலின் பிரதியைக் கொடுத்திருக்கிறேன்.

இத்துடன் இணைத்திருப்பவை: அனுமதித்த வரைபடத்தின் பிரதி, கட்டியபடியான வரைபடம் மூன்று பிரதி, வீட்டின் நான்கு பக்கப் படங்கள், பனை தெரியும் இரட்டைப் படம், தொட்டியின் அடித்தளம், தண்ணீர்ச் சோதனை, பைப் பாதை ஆகியவற்றின் படங்கள், வட்ஸ்அப் பக்கங்கள், கொப்பிப் பக்கங்கள், இந்த வருடச் சோலைவரிப் பற்றுச்சீட்டு. ஆச்சியும் தன் கிணற்றுக்கு 68 அடி என்று தானே அளந்து பார்த்ததாக எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். அதுவும் இருக்கிறது.

நீங்கள் வரும் நாளை ஒரு நாள் முன்னதாகத் தொலைபேசியில் சொன்னால் போதும். கணவர் வேலைக்குப் போகாமல் நிற்பார். சின்ன மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அலவாங்கும் நூறு அடி நாடாவும் வீட்டில் இருக்கின்றன. மாரி தொடங்குமுன் வந்தால் நல்லது. மழை பிடித்தால் பின்பக்கம் சேறாகிவிடும், பார்வைக் குழியைத் திறப்பது கஷ்டம்.

இங்ஙனம்,
உங்கள் சபைக்குச் சோலைவரி கட்டும்,
இரண்டரைப் பரப்பு வளவின் உரிமையாளர்